டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களின் எலும்பு: ஸ்கேன் எடுப்பதற்கு முன்னும் பின்னும்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் நாற்பது வயது ஆண் ஒருவர் முதுகு பிடித்துக்கொண்டது என்று வந்தால் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். தைலம், வலி மாத்திரை, இடுப்பு பெல்ட், கூடவே "மூட்டை தூக்காதீங்க" என்ற அறிவுரை. எலும்பு மெலிதல் என்றால் அது ஆச்சிகளுக்கு வருவது என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம். பல வருடங்களாக ஆண் ஹார்மோன் குறைந்திருக்கும் ஆணுக்கு, அறுபது வயதுப் பெண்மணிக்கு வருகிற அதே எலும்பு முறிவு நாற்பதிலேயே வரலாம். இது மருத்துவருக்குப் புதிய செய்தியில்லை. ஆனால் அந்த ஆணைப் பார்த்ததும் நினைவுக்கு வராத செய்தி.

நான் இந்தப் பக்கம் பொது மருத்துவம் பார்ப்பவன். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட ஒருவரும் அவர் வீட்டாரும் எலும்பு விஷயத்தில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். இடையிடையே ஒரு கடைக்காரரை அழைத்து வருவேன். அவர் ஒரே ஆள் இல்லை. பல பேரிடம் பார்த்ததை ஒருவர் மேல் ஏற்றியிருக்கிறேன்.

ஹார்மோன் குறைந்தால் எலும்புக்கு என்ன?

எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவர் இல்லை. ஒரு பக்கம் பழையதை அரித்து எடுக்கும் செல்களும், இன்னொரு பக்கம் புதிதாகப் பூசும் செல்களும் ஆயுள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும். அரிக்கிற வேலையை அடக்கி வைப்பது, ஆணின் உடம்பிலும் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன்தான். விதைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு கொழுப்பிலும் வேறு திசுக்களிலும் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அந்தச் சிறு பங்குதான் ஆணின் எலும்புக்குக் காவல்.

இதைத் தெளிவாக்கியது 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு நோயாளி அறிக்கை. 28 வயது ஆண், உயரம் 204 செ.மீ., அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தார். அவருடைய டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தது. ஆனால் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. எலும்பு முதிர்ச்சி பதினைந்து வயதுப் பையன் அளவில் நின்றிருந்தது, எலும்பு மெலிந்தும் போயிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் நேரடியாகவும் எலும்பைத் தடிக்க வைக்கிறது, தசையை வளர்த்து அதன் வழியாகவும் உதவுகிறது. இருந்தாலும் அது குறைந்தால் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து குறைகிறது என்பதுதான் எலும்புக்குப் பெரிய அடி.

குறைவு எந்த வயதில் தொடங்கியது என்பதைப் பொறுத்துச் சேதம் வேறுபடும். பருவ வயதிலேயே குறைவு இருந்தால், இருபத்தைந்து முப்பது வயதுக்குள் சேர வேண்டிய எலும்பு இருப்பு சேரவே இல்லை. நடுவயதில் வந்தால், சேர்ந்தது வேகமாகக் கரைகிறது. முதல் வகைதான் நம் ஊரில் கண்ணுக்குத் தப்புவது, ஏனென்றால் அந்த மனிதர் தனக்கு எதுவும் குறைந்ததாக உணர்வதே இல்லை. அவருக்கு எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

முதலில் சந்தேகம் வர வேண்டும்

நம் கடைக்காரருக்கு 44 வயது. காரைக்குடிக்குப் பக்கத்துச் சிற்றூரில் இரும்புக் கடை. நல்ல உயரம், கால்கள் நீளம். ஒரு நாள் பெயின்ட் வாளியைக் கீழிருந்து எடுத்து அலமாரியில் வைக்கும்போது முதுகில் சுளீரென்று ஒரு வலி. மூன்று வாரம் தைலம் தேய்த்தும் போகவில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முதல் இடுப்பு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது.

ஒரு வாளி தூக்கி 44 வயது ஆணின் முள்ளெலும்பு நசுங்கக் கூடாது. நின்ற உயரத்திலிருந்தோ அதற்குக் குறைவாகவோ விழுந்து, அல்லது சாதாரண வேலை செய்து எலும்பு முறிந்தால், "ஏன்?" என்று கேட்காமல் விடக் கூடாது. ஈரமான ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்ததும் இந்தக் கணக்கில்தான் வரும். தரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறோம்.

அவரிடம் கேட்டபோதுதான் மற்றவை வெளியே வந்தன. வாரம் ஒரு முறை சவரம் செய்தால் போதும். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருடமாகக் குழந்தை இல்லை. மனைவிக்கு மட்டும் எல்லாச் சோதனையும் செய்திருந்தார்கள், இவருக்கு ஒன்றுகூடச் செய்யவில்லை. கூட வந்த அவர் ஆத்தா சொன்னார்: "பயலுக்கு மீசையே ரொம்பத் தாமதமாத்தான் வந்துச்சு. அவுக அப்பச்சி மாதிரின்னு விட்டுட்டோம்." பரிசோதித்துப் பார்த்தால் விதைகள் இரண்டும் சின்னதாக, கெட்டியாக இருந்தன. லேசான மார்பு வளர்ச்சியும் இருந்தது. பத்து நிமிடப் பரிசோதனை. பன்னிரண்டு வருடத்தில் யாரும் செய்யவில்லை.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இதே சந்தேகம் வர வேண்டிய இடங்கள் இன்னும் சில உண்டு. வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியவர்கள். சிறு வயதில் விதை இறங்காமல் அறுவை செய்துகொண்டவர்கள். பிறவியிலேயே வாசனை தெரியாமல் பருவமும் தாமதமானவர்கள். புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவர்கள். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி சாப்பிட்டு முகம் உப்பியவர்களும் இதில் சேர்த்தி. அப்புறம் புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டு ஆண் ஹார்மோனை வேண்டுமென்றே அடக்கியிருக்கும் பெரியவர்கள். இந்தப் பெரியவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கக் கூடாது, ஆனால் எலும்பு ஸ்கேன் கட்டாயம் வேண்டும். ஊசி தொடங்கும்போதே எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் முதல் வருடத்தில்தான் இழப்பு வேகம்.

ரத்தச் சோதனை: காலையில், வெறும் வயிற்றில், இரண்டு முறை

டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் ஏறி மாலையில் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம் லேபுக்குப் போய்க் கொடுத்த ரத்தத்தில் குறைவாக வந்தால் அதற்கு மதிப்பில்லை. காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுங்கள். காய்ச்சலிலோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதோ வேண்டாம். குறைவாக வந்தால் வேறொரு நாள் அதே மாதிரி மறுபடி கொடுங்கள். இரண்டுமே டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைவு என்று பேசலாம். சில வழிகாட்டுதல்கள் 264-ஐ எல்லையாக வைக்கின்றன. 280 வந்தது, 310 வந்தது என்று அலைவதில் அர்த்தம் குறைவு. எலும்பைத் தின்பது பெரும்பாலும் 200-க்குக் கீழே வருடக்கணக்காகக் கிடக்கும் அளவுதான்.

கடைக்காரருக்கு ஒரு நாள் 142, இன்னொரு நாள் 156. கூடவே எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களும் பார்க்க வேண்டும். இவை மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைக்கு அனுப்பும் உத்தரவுகள். இவருக்கு இரண்டுமே மிக உயர்ந்திருந்தன. உத்தரவு கத்திக்கொண்டே இருக்கிறது, விதையால் செய்ய முடியவில்லை என்று பொருள். குரோமோசோம் சோதனையில் 47,XXY என்று வந்தது. கிளைன்ஃபெல்டர் என்று பெயர். ஏறத்தாழ 500 முதல் 700 ஆண் பிறப்புகளில் ஒன்றுக்கு இருப்பதால் அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் பலருக்கு வாழ்நாள் முழுக்கக் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. உத்தரவு ஹார்மோன்களும் சேர்ந்து குறைவாக இருந்தால் கோளாறு மேலே, பிட்யூட்டரியில். அப்போது புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனின் அளவும், தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும் பார்ப்பார்கள்.

எலும்பு மெலிவதற்கு ஒரே ஆளிடம் இரண்டு மூன்று காரணங்கள் இருப்பது சகஜம். அதனால் கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின், அல்கலைன் பாஸ்பட்டேஸ், 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு, ரத்த எண்ணிக்கை இவற்றையும் ஒரே சமயத்தில் பார்த்துவிட வேண்டும். முள்ளெலும்பு நசுங்கிய ஐம்பது கடந்தவர் என்றால், மயலோமா என்ற ரத்தப் புற்றுநோயைத் தவிர்க்க ரத்தப் புரதச் சோதனையும் வேண்டும். கடைக்காரரின் வைட்டமின் டி 14, குறைவு. வெயில் கொளுத்தும் ஊரில் எப்படி என்று கேட்பார்கள். காலையில் கடைக்குள் போனால் இரவில்தான் வெளியே வருகிறார்.

எந்த ஸ்கேன் என்பதில் ஏமாறாதீர்கள்

மண்டபத்தில் இலவச எலும்பு முகாம் நடக்கும். குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொல்வார்கள், ஜெல் தடவுவார்கள், ஒரு நிமிடத்தில் சீட்டு வரும். அது ஒலி அலைச் சோதனை. அதை வைத்து நோயை உறுதி செய்யவும் முடியாது, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் முடியாது. சீட்டில் "நார்மல்" என்று இருந்தாலும் நம் கடைக்காரர் மாதிரி ஆள் அதை நம்பி உட்காரக் கூடாது.

வேண்டியது டெக்ஸா ஸ்கேன். மேசையில் மல்லாந்து படுக்க வேண்டும், மேலே ஒரு கை மாதிரியான கருவி நகரும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு வேறு வலுவுள்ள எக்ஸ்ரே கதிர்களை அனுப்பி, எலும்பு எவ்வளவு விழுங்கியது, சதை எவ்வளவு விழுங்கியது என்று பிரித்துக் கணக்கிடும். கதிர்வீச்சு மிகக் குறைவு. நாம் இயற்கையிலிருந்து ஒரு சில நாளில் வாங்குகிற அளவுக்குள்தான் இருக்கும். ஊசி கிடையாது, குழாய்க்குள் நுழைவது கிடையாது. எம்ஆர்ஐ நினைப்பில் பயந்து வருகிறவர்கள் உண்டு.

செட்டிநாட்டிலிருந்து பலர் இதற்கு மதுரையோ திருச்சியோதான் போகிறார்கள். கிளம்புவதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். முழு டெக்ஸா இயந்திரமா, இல்லை குதிகாலோ கையோ மட்டும் பார்க்கிற கருவியா? முதுகு, இடுப்பு இரண்டும் எடுப்பீர்களா? படமும் எண்களும் உள்ள முழு அறிக்கை தருவீர்களா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை ஒப்பிடும்போது அதுதான் தேவைப்படும்.

போகும் நாளில் கால்சியம் மாத்திரையை நிறுத்திவையுங்கள், முந்தின நாளிலிருந்தே. கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால் முதுகெலும்போடு சேர்ந்து எலும்பு மாதிரியே கணக்கில் வந்துவிடும். சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தாலோ, பேரியம் குடித்திருந்தாலோ, ஐசோடோப் ஸ்கேன் செய்திருந்தாலோ எவ்வளவு நாள் இடைவெளி வேண்டும் என்று மையத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம் அரைஞாண். வெள்ளி அரைஞாண் கொடி சரியாகக் கீழ் முதுகின் குறுக்கே விழும், உலோகம் எண்ணை உயர்த்திக் காட்டும். வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது உத்தமம். அங்கே போய்க் கழற்ற மனசு வராமல் "இருக்கட்டும் சார்" என்பார்கள். ஜிப்பும் பொத்தானும் உள்ள பேன்ட்டை விட வேட்டி வசதி.

முதுகு எடுக்கும்போது கால்களை ஒரு மெத்தைப் பெட்டி மேல் தூக்கி வைப்பார்கள். இடுப்பு எடுக்கும்போது பாதத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டுவார்கள். இரண்டும் நடக்கவில்லையென்றால் எடுக்கிறவர் அவசரத்தில் இருக்கிறார். பணிவாகக் கேட்டுவிடலாம். முதுகோ இடுப்போ படிக்க முடியாத நிலையில் இருந்தாலோ, ஹார்மோன் அடக்கும் ஊசி போடுகிறவராக இருந்தாலோ, முன்கையையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் வேண்டும். நெஞ்சு, இடுப்பு முதுகெலும்பின் பக்கவாட்டுப் படம். சாதாரண எக்ஸ்ரே போதும். முள்ளெலும்பு நசுங்கலில் மூன்றில் இரண்டு பங்கு வலியே தெரியாமல் நடந்துவிடுகிறது. டெக்ஸா அடர்த்தியைத்தான் சொல்லும், நசுங்கியதைத் தானாகச் சொல்லாது. இளமையில் இருந்த உயரத்தை விட நாலு செ.மீ. குறைந்திருந்தால் இந்தப் படத்தைத் தவிர்க்கவே கூடாது.

அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் மூன்று வகை எண் இருக்கும். ஒன்று சதுர செ.மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அடர்த்தி. மற்ற இரண்டு டி-ஸ்கோர், இசட்-ஸ்கோர். டி-ஸ்கோர் இளவயது ஆரோக்கியமானவரோடு ஒப்பிடுகிறது, இசட்-ஸ்கோர் உங்கள் வயதுக்காரரோடு. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள ஆணுக்கு இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். −2.0 அல்லது அதற்குக் கீழே என்றால் வயதுக்கு எதிர்பார்க்கும் அளவை விடக் குறைவு. ஐம்பதைத் தாண்டியவருக்கு டி-ஸ்கோர், −2.5 அல்லது அதற்குக் கீழே எலும்பு மெலிதல் நோய். "வார்ட்ஸ்" என்று ஒரு வரி அச்சாகியிருக்கும், அதில் பெரும்பாலும் மோசமான எண் இருக்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். இடுப்பில் முழு இடுப்பு, தொடை எலும்புக் கழுத்து என்ற இரண்டு வரிகள்தான் கணக்கு.

ஐம்பது கடந்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். டி-ஸ்கோருக்கு ஆண் எலும்பையும் பெண்ணுக்கான அளவுகோலில் வைத்தே பார்க்க வேண்டும் என்பது இன்றைய சர்வதேசப் பரிந்துரை. சில இயந்திரங்கள் ஆண் அளவுகோலில் அச்சடிக்கின்றன. தொடைக் கழுத்து 0.594 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் அளவுகோலின் சராசரி 0.858, விலகல் 0.120. கழித்து வகுத்தால் −2.2. ஆண் அளவுகோலில் அதே எலும்பு ஏறக்குறைய −2.5. ஒரு ஊரில் நோய், இன்னொரு ஊரில் நோயில்லை. எலும்பு மாறவில்லை. எந்த அளவுகோல் என்று அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

கடைக்காரரின் அறிக்கைக்கு வருவோம். முதல் இடுப்பு முள்ளெலும்பு நசுங்கியதால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். நசுங்கிய எலும்பு அதே சத்தைக் குறைந்த பரப்பில் அடைத்துக்கொண்டு அடர்த்தி அதிகம் போலக் காட்டும். முதலில் வந்த அறிக்கையில் நான்கையும் சேர்த்தே போட்டிருந்தார்கள், அதனால் இசட் −1.9 என்று தப்பித்தது. திருத்திக் கேட்டபோது, இரண்டு முதல் நான்கு வரை அடர்த்தி 0.792, இசட் −2.7. முழு இடுப்பு 0.752, இசட் −1.7.

பெரியவர்களிடம் இதே தவறு வேறு வழியில் வரும். வயதான முதுகில் எலும்பு முட்கள் வளர்ந்து, முள்ளெலும்புகள் பொய்யாக அடர்த்தி காட்டும். பக்கத்து எலும்பை விட டி-ஸ்கோர் ஒன்றுக்கு மேல் வித்தியாசப்படும் முள்ளெலும்பை விலக்க வேண்டும். விலக்கியபின் குறைந்தது இரண்டாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் இடுப்பையும் முன்கையையும் நம்ப வேண்டியதுதான்.

முள்ளெலும்பு ஏற்கெனவே நசுங்கிய பின் எண் எதற்கு என்று கேட்கலாம். நோயைச் சொல்ல எண் தேவையில்லை என்பது உண்மைதான். சின்னச் சுமையில் முறிந்ததே நோய் இருப்பதைச் சொல்லிவிட்டது. ஸ்கேன் வேண்டியது அடுத்த கேள்விக்கு: சிகிச்சை எலும்பைப் போய்ச் சேர்கிறதா? டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்ட ஒரு மாதத்தில் உற்சாகம் வரும், பிறகு மெல்லத் தாடியும் அடர்த்தியாகும். எலும்பு பற்றி அது எதையும் சொல்லாது. தொடக்கத்தில் ஓர் அளவு எடுத்து வைக்காவிட்டால் இரண்டு வருடம் கழித்து ஒப்பிட எதுவும் இருக்காது.

சிகிச்சையின் வரிசை

ஊசி போடுவதற்கு முன் ஒரு கேள்வி: குழந்தை வேண்டுமா? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் விந்தணு உற்பத்தி அடங்கிவிடும். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களிலும் சிலருக்கு விதையிலிருந்து நுண் அறுவை மூலம் விந்தணு எடுக்க முடிகிறது. அதனால் அந்தப் பேச்சு முதலில். பிட்யூட்டரிக் கோளாறு உள்ளவர்களுக்கு வேறு ஊசிகளால் விதையையே வேலை செய்ய வைக்கலாம். கடைக்காரரும் அவர் மனைவியும் ஆலோசனைக்குப் போய்வந்து, தத்தெடுத்துப் பிள்ளை கூட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கத்துக்குப் புதிதில்லை.

அடுத்து வைட்டமின் டி. வாரம் ஒன்று 60,000 யூனிட், எட்டு வாரம். அதன் பிறகு நிறுத்தி, மருத்துவர் சொல்லும் குறைந்த அளவு. எட்டு வாரச் சீட்டை வைத்துக்கொண்டு எட்டு மாதம் வாங்கிச் சாப்பிட்டு, கால்சியம் ஏறி வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கால்சியம் ஒரு நாளைக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1000 முதல் 1200 மி.கி. நூறு கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவு இருக்கிறது. இரண்டு டம்ளர் பால், மோர், முள்ளோடு தின்னும் நெத்திலி இவை சேர்ந்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். நல்லி எலும்பு சூப்பை இதற்காகக் குடிப்பது வீண். ருசிக்காகத் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் எலும்பைக் கொதிக்க வைத்தால் கால்சியம் தண்ணீருக்குள் அதிகம் இறங்காது.

பிறகு டெஸ்டோஸ்டிரோன். நீண்ட நாள் ஊசி 1000 மி.கி., முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, அதன்பின் பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒன்று. தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதத்தில் ஹிமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, பார்க்க வேண்டும். ரத்தம் கெட்டியாகி 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்தி யோசிக்க வேண்டும். நாற்பது கடந்தவர்களுக்குப் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தச் சோதனையும் உண்டு.

டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதுமா? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். உண்மையான குறைவு உள்ளவர்களுக்கு அது அடர்த்தியைக் கூட்டுகிறது, முதுகில் அதிகமாக, இடுப்பில் குறைவாக. ஆனால் அடர்த்தி கூடுவதும் முறிவு குறைவதும் ஒன்றில்லை. 2024-ல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த நடுத்தர வயது, முதிய ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் எலும்பு முறிவு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவியவர்களில் 3.50 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 2.46. குறையவில்லை, கூடியிருந்தது. அவர்கள் எலும்பு மெலிதலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை; நம் கடைக்காரர் மாதிரி ஆட்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஏற்கெனவே முறிந்தவரை ஹார்மோனை மட்டும் நம்பி விடக் கூடாது என்பதற்கு இது போதும்.

எனவே முறிவு ஏற்பட்டவருக்கு எலும்பு அரிப்பை நேரடியாகத் தடுக்கும் மருந்தும் சேர வேண்டும். கடைக்காரருக்கு சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி., வருடம் ஒரு முறை, ரத்தக் குழாய் வழியாக, குறைந்தது பதினைந்து நிமிடம் ஓட விட்டு. அதற்கு முன் வைட்டமின் டி சரியாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தக் கால்சியம் சரிந்து விரல் இழுக்கும். சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலில் பிடுங்கி, ஆறவிட்டு வர வேண்டும். முதல் டோஸ் போட்ட இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி வரும், பாராசிட்டமால் போதும்.

மாத்திரை வேண்டுமென்றால் அலெண்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபி கூடாது. காபி இல்லாமல் எழாத வீடுகளில் இந்த அரை மணி நேரம்தான் மருந்தைத் தோற்கடிப்பது. காபியோடு போட்டால் மருந்து உடம்பில் சேருவது வெகுவாகக் குறைந்துவிடும். ஆறு மாத ஊசியான டெனோசுமாப் தொடங்கினால் ஒரு தவணையைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நிறுத்தியவுடன் அடக்கி வைத்த அரிப்பு வேகமாகத் திரும்பி, முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கியவர்கள் உண்டு. மலேசியா, சிங்கப்பூர் என்று மாதக்கணக்கில் பிள்ளைகளிடம் போய் இருந்துவிட்டு வருகிற பெரியவர்களுக்கு இந்த ஊசியைத் தொடங்குவதற்கு முன் நான் இருமுறை யோசிப்பேன்.

இரண்டாவது ஸ்கேன்

ஒன்று முதல் இரண்டு வருடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். அதே ஊர், அதே மையம், அதே இயந்திரம். வெவ்வேறு நிறுவன இயந்திரங்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. மதுரையில் முதலாவது, திருச்சியில் இரண்டாவது என்று எடுத்து, கூடிவிட்டது குறைந்துவிட்டது என்று சொன்னால் அது கதை.

ஒரே இயந்திரத்திலும் அளவையில் தானாகவே சிறு ஆட்டம் இருக்கும். நல்ல மையம் தன் ஆட்டத்தை அளந்து வைத்திருக்கும். பொதுவான வரம்பு முதுகுக்கு 5.3 சதவீதம், முழு இடுப்புக்கு 5.0 சதவீதம். அதற்குள் வரும் ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் கிடையாது. ஒப்பிட வேண்டியது அடர்த்தி எண்ணை, ஸ்கோரை இல்லை.

கடைக்காரருக்கு இரண்டு வருடம் கழித்து முதுகு 0.792-லிருந்து 0.861. கூடியது 0.069, அதாவது 8.7 சதவீதம். வரம்பைத் தாண்டியது, எனவே உண்மையான ஏற்றம். இடுப்பு 0.752-லிருந்து 0.778, 3.5 சதவீதம். அறிக்கையில் "முன்னேற்றம்" என்று எழுதியிருந்தார்கள். நான் அதை "இறங்கவில்லை" என்று மட்டும் படித்தேன், அதுவே நல்ல செய்திதான். புதிய பக்கவாட்டு எக்ஸ்ரேயில் வேறு எந்த முள்ளெலும்பும் நசுங்கவில்லை. ஊசியும் வருடாந்திர மருந்தும் இன்னும் ஒரு வருடம் அப்படியே தொடரும்; அதன்பின் எலும்பு மருந்துக்கு இடைவெளி விடலாமா என்று பார்ப்போம். டெஸ்டோஸ்டிரோன் நிற்காது.

எண் வரம்பைத் தாண்டி இறங்கியிருந்தால் முதலில் மருந்தைக் குறை சொல்லக் கூடாது. ஊசித் தவணை தவறியதா, அடுத்த ஊசிக்கு முந்தைய டெஸ்டோஸ்டிரோன் அளவு எவ்வளவு, வைட்டமின் டி மறுபடி விழுந்ததா, இடையில் ஸ்டீராய்டு ஏதாவது சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே முள்ளெலும்புகளைத்தான் அளந்தார்களா என்று பார்க்க வேண்டும். பாதி சமயம் விடை அந்தப் படத்திலேயே இருக்கும்.

கடைசியாக அவர் ஆத்தா கேட்டது, பல வீட்டிலும் கேட்பது: "சின்னவனுக்கும் பாத்துடவா டாக்டர்?" 47,XXY தாய் தந்தையிடமிருந்து வழிவழியாக வருவதில்லை, கரு உருவாகும்போது தற்செயலாக நேர்வது. தம்பிக்கு அறிகுறி இல்லையென்றால் சோதனை வேண்டாம் என்று சொன்னேன். வாசனை தெரியாமல் பருவம் தாமதமாகிற வகை மட்டும் சில குடும்பங்களில் தொடரும். அந்த வீட்டில் பதினான்கு வயதாகியும் பருவ வளர்ச்சி தொடங்காத பையன் இருந்தால் உடனே அழைத்து வர வேண்டும். அவனுக்கு எலும்பு சேரும் காலம் இன்னும் கையில் இருக்கிறது.